‘தகுதி’ என்று எழுதும்போது

கல்லூரி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தி வரும் எனக்கு, சந்திப் பிழை ஒன்றுகூட இல்லாமல், நடையும் ஓட்டமும் செவ்வனே அமைந்திருக்கும் ஒரு கட்டுரை, படித்து முடித்த பின்பு மனத்தில் ஓர் இடறலை மட்டும் விட்டுச் செல்வது அடிக்கடி நேரும் அனுபவம். வாக்கியங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எதையும் மறுக்கத் தோன்றாது. ஆனால் அவை சேர்ந்து கொண்டுபோய் நிறுத்தும் முடிவை ஏற்கவும் மனம் வராது. அப்படிப்பட்ட சந்தர்ப்பங்களில் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். கட்டுரையின் பாரம் முழுவதையும் எந்தச் சொல் தாங்கி நிற்கிறதோ, அந்தச் சொல் வரும் இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் அது ஒரே பொருளைத்தான் குறிக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இடறல் அங்கேதான் அகப்படும்.

அண்மையில் என் கைக்கு வந்த ஒரு கட்டுரை மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது. அதன் வாதத்தைச் சாரமாகத் திரட்டினால் மூன்று வாக்கியங்களில் அடங்கும். நோயாளியின் உயிரைக் காக்கும் தகுதி உடையவர்களே மருத்துவர்களாக வேண்டும் என்பது முதல் வாக்கியம். நுழைவுத் தேர்வின் பட்டியலில் முன்னே நிற்பவர்கள் தகுதியினாலேயே முன்னே நிற்கிறார்கள் என்பது இரண்டாவது. ஆகவே அவர்களைத் தாண்டிப் பின்னே நிற்பவர்களுக்கு இடம் கொடுப்பது, தகுதியற்றவர்களின் கையில் நோயாளியை ஒப்படைப்பதாகும். தகுதி உடையவர்களுக்கு இழைக்கும் அநீதியும் ஆகும் என்பது மூன்றாவது. எழுதிய மாணவர் நல்ல புத்திசாலி, நேர்மையானவர், எவரையும் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் சிறிதும் இல்லாதவர். ஆயினும் இந்த மூன்று வாக்கியங்களுக்கிடையே ‘தகுதி’ என்ற சொல் அவர் அறியாமலேயே உருமாறிக்கொண்டு போயிருக்கிறது.

முதல் வாக்கியத்தில் தகுதி என்பது ஒரு திறன். நோயைக் கண்டறியவும், மருந்தை அளவறிந்து கொடுக்கவும், கை நடுங்காமல் அறுவை செய்யவும் வல்ல ஆற்றல் அது. இரண்டாவது வாக்கியத்தில் அதே சொல் ஒரு வரிசையைக் குறிக்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சில மணி நேரத்தில், பௌதிகத்திலும் ரசாயனத்திலும் உயிரியலிலும் கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடை குறித்தவர்களுள் இவர் எத்தனையாவது என்னும் வரிசை. மூன்றாவது வாக்கியத்தின் முற்பகுதியில், ‘தகுதியற்றவர்’ என்ற எதிர்மறை வடிவில், அது வாயிலைக் கடக்க அனுமதி இல்லாத நிலையைச் சுட்டுகிறது. பிற்பகுதியில், ‘அநீதி’ என்ற சொல் பக்கத்தில் வந்து நின்றவுடன், அது ஓர் உரித்தாக, அதாவது பெறுவதற்கு நியாயமான பாத்தியதையாக ஆகிவிடுகிறது. திறன், வரிசை, வாயில், உரித்து என்னும் நான்கு பொருள்களும் ஒரே ஒலியை அணிந்து வருவதால், ஒன்றைப் பற்றி நிரூபித்தது மற்றொன்றைப் பற்றியும் நிரூபணமாகிவிட்டது போன்ற மயக்கம் படிப்பவருக்கு மட்டுமன்றி எழுதுபவருக்கும் உண்டாகிறது.

இந்த மயக்கத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய பரீட்சை உண்டு. அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு, அவ்விடத்தில் அது குறிக்கும் பொருளை விரித்து எழுதிப் பார்க்க வேண்டும். மேற்கண்ட வாதத்தை அவ்வாறு மாற்றினால், நோயைத் தீர்க்கும் ஆற்றல் உள்ளவர்களே மருத்துவராக வேண்டும். தேர்வில் முன்னே நிற்பவர்கள் அதிக மதிப்பெண் பெற்றதனால் முன்னே நிற்கிறார்கள். ஆகவே குறைந்த மதிப்பெண் பெற்றவரைச் சேர்ப்பது நோயைத் தீர்க்கும் ஆற்றல் இல்லாதவரிடம் நோயாளியை ஒப்படைப்பதாகும் என்று ஆகும். இப்போது முதல் வாக்கியத்துக்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. பதினெட்டு வயதில் ஒரு தேர்வில் பெற்ற மதிப்பெண்ணுக்கும், பல ஆண்டுக் கல்லூரிப் படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் முடிந்த பிறகு ஒருவரிடம் காணப்படும் சிகிச்சைத் திறனுக்கும் எவ்வளவு சம்பந்தம் என்பதே அந்தப் பள்ளம். சம்பந்தம் நிறைய இருக்கலாம், கொஞ்சமாக இருக்கலாம். அது ஆராய்ந்து சொல்ல வேண்டிய விஷயம். கட்டுரையோ அதை ஆராயவே இல்லை. ஒரே சொல் இரு கரைகளிலும் நின்றதனால், நடுவே பாலம் இருக்கிறதென்று எண்ணி மாணவர் நடந்துவிட்டார்.

இன்னொரு பரீட்சை, சொல்லின் எதிர்ச்சொல்லைக் கேட்பது. ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டா என்று அறிய அதன் எதிர்ச்சொற்களைப் பார் என்பது, அரிஸ்டாட்டில் தம்முடைய வாத சாஸ்திர நூலில் கூறும் உபாயங்களுள் ஒன்று. கிரேக்க மொழியில் குரலுக்கும் கத்திக்கும் ‘கூர்மை’ என்ற ஒரே சொல்லை வழங்குவர். ஆனால் கூரிய குரலுக்கு எதிர் தாழ்ந்த குரல், கூரிய கத்திக்கு எதிர் மழுங்கிய கத்தி. எதிர்கள் வேறானால் பொருள்களும் வேறு. இந்த உபாயத்தை நம் சொல்லின்மீது பிரயோகித்துப் பார்த்தால் பலன் வியப்பாக இருக்கிறது. திறனுக்கு எதிர் திறனின்மை. வாயிலைக் கடந்தவருக்கு எதிர் தடுக்கப்பட்டவர். உரித்துடையவருக்கு எதிர் உரித்தில்லாதவர். ஆனால் வரிசைக்கு எதிர் என்ன? வரிசையில் நூறாவதாக நிற்பவருக்கு எதிரானவர் என்று ஒருவரும் இல்லை. நூற்றொன்றாவது நிற்பவர் அவருக்கு அடுத்தவர், அவ்வளவே. அப்படியிருக்க, நூற்றொன்றாவது நிற்பவரைத் ‘தகுதியற்றவர்’ என்று ஒரு சொல்லால் குறித்தவுடன், அடுத்தவர் என்பது போய், திறனற்றவர், தடுக்கப்பட்டவர், உரித்தற்றவர் என்னும் மூன்று இழுக்குகளும் அவர் தலையில் வந்து விழுகின்றன. ஒரு மனிதரின் பிள்ளைக்கு இழைக்கப்படும் இந்தச் சிறுமையை, இலக்கணப் பிழையைவிடப் பெரிய பிழையாகவே நான் கருதுகிறேன்.

நம்முடைய முன்னோர் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். உடன் வரும் வினையாலும் சார்பாலும் இன்ன பொருள்தான் என்று தெளிவாகிவிடும் சொல் ஒன்று. அவ்வாறு தெளிவாகாமல் நிற்கும் சொல் மற்றொன்று. ‘மா பூத்தது’ என்றால் மா என்பது மரமென்று பூத்தல் என்ற வினையே சொல்லிவிடும். ‘மா வீழ்ந்தது’ என்றாலோ வீழ்ந்தது மரமா, குதிரையா, வேறு விலங்கா என்று கேட்பவர் திகைப்பார். இந்த இரண்டாம் வகையில், தான் கருதிய பொருளை வெளிப்படையாகத் தெரித்துச் சொல்லும் பொறுப்பு சொல்பவனுடையது என்பது தொல்காப்பியர் விதி. ‘மாமரம் வீழ்ந்தது’ என்று அவன்தான் சொல்ல வேண்டும். ஊகித்துக்கொள்வது கேட்பவன் பாடு என்று அவர் விட்டுவிடவில்லை. கட்டுரையில் முக்கியமான சொல்லை வரையறுக்க வேண்டும் என்று இன்று நாம் மாணவருக்குச் சொல்வதன் முழு நியாயமும் அந்த விதியில் அடங்கியிருக்கிறது.

வடமொழித் தருக்க நூலாரோ இதை வாதக் குற்றமாகவே வகுத்து வைத்தனர். கௌதமரின் நியாய சூத்திரத்தில் பதினாறு பதார்த்தங்களுள் ஒன்றாகச் ‘சலம்’ என்பது எண்ணப்படுகிறது; அதன் மூன்று வகைகளுள் முதலாவது வாக்சலம். ‘நவ’ என்பதற்குப் புதியது என்றும் ஒன்பது என்றும் பொருளுண்டு என்பதை, நவீனம் என்றும் நவக்கிரகம் என்றும் சொல்லிப் பழகிய தமிழரும் அறிவர். புதிய கம்பளம் போர்த்தியிருக்கும் ஒரு பிள்ளையை ‘நவகம்பளம் உடையவன்’ என்று ஒருவன் சொல்ல, ‘ஒன்பது எங்கே, ஒன்றுதானே இருக்கிறது?’ என்று பிரதிவாதி மடக்குவதை உரையாசிரியர் உதாரணமாகக் காட்டுவார். இங்கே ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். வாக்சலத்தில் பிறன் சொல்லின் பொருளைத் திருப்புபவன், தான் திருப்புகிறான் என்பதை அறிந்தே செய்கிறான். கேட்பவர்களும் அந்தச் சாமர்த்தியத்தை உடனே கண்டுகொள்வார்கள். கட்டுரையில் நேர்வதோ, எழுதுபவன் தன் சொல்லைத் தானே அறியாமல் திருப்பிக்கொள்வது. எதிரே நின்று ‘ஒன்பது எங்கே?’ என்று கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. புதியதும் ஒன்பதும் வெகு தூரத்தில் இருக்கும் பொருள்கள். திறனும் வரிசையும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஆதலால் பின்னதில் வழி தவறுவது எளிது. தவறியதைக் கண்டுகொள்வது அரிது.

தகுதி என்ற இந்தச் சொல் நம் மொழியில் எத்தனை வேடம் பூண்டு வந்திருக்கிறது என்பதையும் ஒரு கணம் பார்க்கலாம். நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தை வள்ளுவர் இச்சொல்லைக் கொண்டே தொடங்குகிறார். அங்கே அது பட்சபாதமின்மையைக் குறிக்கும். நன்னூலில் தகுதி வழக்கு என்பது இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றையும் அடக்கிய ஒரு கலைச்சொல். வாக்கியத்தின் பொருளை ஆராய்ந்தோர் அவாய்நிலை, தகுதி, அண்மைநிலை என்று மூன்றை வைத்து, சொற்கள் பொருளால் ஒன்றோடொன்று இயையும் தன்மைக்குத் தகுதி என்று பெயரிட்டனர். நெருப்பால் நனைத்தான் என்றால் அந்தத் தகுதி இல்லை என்பார்கள். இவற்றால் எவருக்கும் குழப்பம் நேர்ந்ததில்லை. நூலும் இடமும் சார்பும் பொருளை வரம்பு கட்டி நிறுத்திவிடுகின்றன. சொல் பல பொருள் பெறுவது மொழியின் வளம்; ஒரே வாதத்துக்குள், முன்னே நாட்டிய பொருளை விட்டு நழுவிப் பின்னே வேறு பொருளில் நின்று முடிவு கூறும்போதுதான் அது குற்றமாகிறது.

பழுது ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. அதே பொருள் பற்றி, அதே வகுப்பில், எதிர்த்தரப்பில் நின்று எழுதிய மற்றொரு மாணவியின் கட்டுரையையும் அன்றே படித்தேன். தேர்வில் கிடைக்கும் தகுதி, பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட முடிந்த குடும்பத்தின் வசதியால் விளைவது. ஆகவே தகுதி என்பது வெறும் பொய். ஆகவே மருத்துவப் படிப்புக்குத் தகுதி பார்ப்பதே அநியாயம் என்று அவர் முடித்திருந்தார். முதல் வாக்கியத்தில் பேசப்படுவது வரிசை. மூன்றாவதில் மறுக்கப்படுவதோ வாயிலும் திறனும். வரிசை குடும்ப வசதியால் மாறுவது எவ்வளவுதான் உண்மையானாலும், அறுவை மேடையில் நிற்பவருக்கு உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும் என்பது அதனால் பொய்யாகிவிடாது. என் சொந்த அனுதாபம் அந்த மாணவியின் கட்சியோடு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நாம் விரும்பும் முடிவுக்கு வந்து சேரும் வாதத்தில்தான் சொல்லின் நழுவலை நாம் மிகக் குறைவாகக் கவனிக்கிறோம் என்பதனால், அவருடைய தாளில் வட்டங்களைச் சற்று அழுத்தியே போட்டேன்.

மயக்கம் மாணவர் தாளோடு நின்றுவிடுவதும் இல்லை. தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு, அதாவது நீட், தன் பெயரிலேயே வாயிலையும் வரிசையையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. அதில் பொதுப்பிரிவினர் தகுதி பெற ஐம்பதாவது பெர்சன்டைலை அடைய வேண்டும். ஐம்பது என்றவுடன் நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண் என்று எண்ணிக்கொள்பவர் பலர். பெர்சன்டைல் என்பது மதிப்பெண் அன்று. தேர்வு எழுதியவர்களுள் எத்தனை பங்கினரைவிட ஒருவர் முன்னே நிற்கிறார் என்பதைச் சொல்லும் அளவு. இளநிலைத் தேர்வில் இந்த ஐம்பதாவது பெர்சன்டைல் 2022ஆம் ஆண்டு 720க்கு 117 மதிப்பெண்ணில் விழுந்தது. 2023ஆம் ஆண்டு 137 மதிப்பெண்ணில் விழுந்தது. 125 மதிப்பெண் வாங்கிய ஒருவர் முதல் ஆண்டில் தகுதி உடையவர். மறு ஆண்டில் தகுதி இல்லாதவர். அவருடைய அறிவு தேயவில்லை. அவரோடு எழுதியவர்களின் கூட்டமும் வினாத்தாளும் மாறின. ஆக, வாயில் என்று நாம் நினைத்திருந்தது உண்மையில் வரிசையின் மறுவடிவமே. குறைந்தபட்ச அறிவுக்கு இது உத்தரவாதம் என்று இந்தத் தேர்வை ஆதரித்து எழுதுகிறவர், இன்ன அளவு அறிவு வேண்டும் என்று நிலையாக நிற்கும் ஓர் எல்லையை மனத்தில் வைத்துப் பேசுகிறார்; தேர்வோ கூட்டத்தோடு நகரும் ஓர் எல்லையைக் காட்டுகிறது.

2023 செப்டம்பரில், முதுநிலை மருத்துவப் படிப்பில் காலியாகக் கிடந்த இடங்களை நிரப்புவதற்காக, தகுதி எல்லை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ய பெர்சன்டைலாகக் குறைக்கப்பட்டது. அப்போது எழுந்த கூக்குரலில் இரு தரப்பிலும் சொற்கள் நழுவின. பூஜ்யம் வாங்கியவரும் மருத்துவரா என்று கேட்டவர்கள், பூஜ்ய பெர்சன்டைல் என்பதைப் பூஜ்ய மதிப்பெண்ணாகக் கொண்டார்கள். அது தேர்வு எழுதிய எவரையும் எல்லை தடுக்காது என்பதைத்தான் குறிக்கும். மேலும் அந்தத் தேர்வை எழுதுவோர் ஏற்கெனவே மருத்துவப் பட்டம் பெற்றவர்கள். சிகிச்சை செய்யும் தகுதியை அந்தப் பட்டம் அவர்களுக்கு வழங்கிவிட்டது. மறுபக்கம், தேர்வின் நோக்கமே தகுதியை உறுதி செய்வது என்று அதுவரை வாதித்து வந்தவர்கள், எவரையும் தடுக்காத வாயிலும் வாயில்தான் என்று சொல்ல நேர்ந்தது. தேர்வுக்கு வேலை வரிசைப்படுத்துவதே என்று முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், இரு தரப்புக்கும் இந்தச் சங்கடம் வந்திராது.

ஆகவே, கட்டுரையில் சொல்லை வரையறுப்பது எப்படி என்ற காரியத்துக்கு வருகிறேன். நம் மாணவர்களிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. முதல் வரியிலேயே ‘அகராதியின்படி’ என்று தொடங்கி, அங்கே கண்ட பொருள்களையெல்லாம் அடுக்கிவிடுவது. அகராதியின் தொழில் ஒரு சொல் எத்தனை பொருளில் வழங்குகிறது என்று காட்டுவது. நமக்கு வேண்டியதோ அவற்றுள் எதில் நாம் வழங்கப் போகிறோம் என்பது. நோயின் விவரத்தை எழுதி வைத்துவிட்டு, அதையே மருந்தென்று எண்ணுவது போன்றது அந்தப் பழக்கம். இன்ன பொருளில் கொள்கிறேன் என்று கூறுவதோடு, இன்ன பொருளில் கொள்ளவில்லை என்றும் கூறுவதே பயன் தருவது. சொல் முதன்முதலில் பாரம் தாங்கும் இடத்தில் அதைக் கூறினால் போதும். தலைவாசலிலேயே நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. விலக்கிய பொருள்களுக்கு வேறு பெயர்களைக் கொடுத்துவிட்டால், பின்னால் நழுவ நேர்ந்தாலும் அந்தப் பெயர்களே காட்டிக்கொடுத்துவிடும்.

வரையறை நன்றாக அமைந்ததா என்று பார்க்கவும் தருக்க நூலார் மூன்று குற்றங்களைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பசு என்பது கபில நிறமுடையது என்றால் வெள்ளைப் பசு விடுபடும், அது அவ்யாப்தி. கொம்புடையது என்றால் எருமையும் உள்ளே நுழையும், அது அதிவ்யாப்தி. ஒற்றைக் குளம்புடையது என்றால் ஒரு பசுவுக்கும் பொருந்தாது, அது அசம்பவம். தகுதி என்பது தேர்வு மதிப்பெண்ணே என்று வரையறுப்பவர், நல்ல கைத்திறனும் நோயாளியிடம் பரிவும் உள்ளவரை விட்டுவிடுவதனால் அவ்யாப்திக்கும், மனப்பாடத்தால் மட்டும் மதிப்பெண் வாங்கியவரைச் சேர்த்துக்கொள்வதனால் அதிவ்யாப்திக்கும் ஒருங்கே ஆளாகிறார். ஆனால் தகுதி என்பதை அவர் ‘பட்டியலில் நிற்கும் இடம்’ என்ற பொருளில் மட்டும் கொண்டு, கட்டுரை முடியும் வரை அந்தப் பொருளிலேயே நின்றால், அவர்மேல் குற்றமில்லை; அப்போது நோயாளியின் உயிரைப் பற்றி அந்தச் சொல்லைக் கொண்டு அவர் ஒன்றும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

வரையறை செய்துவிட்டதனால் மட்டும் நேர்மை வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மதிப்புக்குரிய ஒரு சொல்லின் பொருளைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, பழைய மதிப்பைப் புதிய பொருளுக்குப் பெற்றுக்கொள்ளும் வித்தையை, சார்லஸ் ஸ்டீவன்சன் என்னும் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1938ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் தனியே பெயரிட்டு ஆராய்ந்தார். இணங்கவைக்கும் வரையறை என்று அதை நாம் சொல்லலாம். ‘உண்மையான தகுதி’ என்று எவராவது தொடங்கினால், பெரும்பாலும் அங்கே அந்த வித்தை நடக்கிறது. மருத்துவப் படிப்பின் அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் அளித்ததை உறுதி செய்து 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், போட்டித் தேர்வில் காட்டும் செயல்திறன் என்ற குறுகிய வரையறைக்குள் தகுதியை அடக்கிவிட முடியாது என்று நீதிபதிகள் கூறினர். அதை ஏற்காதவர்கள் இது சொல்லின் பொருளை மாற்றுவது என்று குறை கூறக்கூடும். என் அபிப்பிராயத்தில் அந்தக் குறை நிற்காது. எந்தப் பொருளை விலக்குகிறோம் என்பதைத் தீர்ப்பு பெயர் சொல்லியே விலக்குகிறது. விலக்கியது கண்முன் இருப்பதனால், மறுக்க விரும்புபவர் அந்த இடத்திலேயே நின்று மறுக்கலாம்.

முதலில் சொன்ன மாணவரைக் கூப்பிட்டு வட்டங்களைக் காட்டியபோது, அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இந்தச் சொல்லை எடுத்துவிட்டால் என் கட்டுரையில் ஒன்றுமே இருக்காதே, ஐயா” என்றார். “எடுக்க வேண்டாம், தம்பி; எங்கே எதைச் சொல்கிறாய் என்று பிரித்து எழுதிப் பார்” என்றேன். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்த தாளில், தகுதி என்ற சொல் இரண்டே இடங்களில் இருந்தது. மற்ற இடங்களில் மதிப்பெண் என்றும், சிகிச்சைத் திறன் என்றும், சேர்க்கைக்குரிய எல்லை என்றும் அவர் எழுதியிருந்தார். முடிவு மாறவில்லை, தரவரிசைப்படிதான் இடம் தர வேண்டும் என்றே அவர் இன்னமும் கருதினார். ஆனால் முன்பு ‘ஆகவே’ என்று இருந்த இடத்தில், மதிப்பெண்ணில் முன்னே நின்றவர்களும் பின்னே நின்றவர்களும் பட்டம் பெற்று வெளிவரும்போது திறனில் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று ஒரு கேள்வியை எழுதி, அதற்குக் கீழே அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். கல்லூரிகளின் இறுதியாண்டுத் தேர்ச்சி விவரங்களைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், அவை கிடைத்த பிறகே அந்த இடத்தை நிரப்பப் போவதாகவும் சொன்னார்.